"வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள்!

சிறு கடைக்கு டெலிவரி ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்கப்படுவது இரண்டே கேள்விகள்தான். "இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தே?", "வண்டி நல்லா ஓட்டுவியா?" இரண்டுக்கும் வருகிற பதிலை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பேச்சில் கெட்டிக்காரர் வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்வதற்கில்லை. கூச்சத்தில் தலைகுனிந்து நிற்கிற பையன் அருமையாக வேலை பார்க்கவும் கூடும். எனவே கேட்பதைக் குறைத்து, ஒரு மணி நேரம் செய்யச் சொல்லிப் பார்ப்பதே நல்லது.

ராதாபுரத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கூடங்குளம், இடிந்தகரை பக்கம் சரக்கு கொண்டுபோக ஒரு குட்டி யானை வண்டி இருக்கிறது. அதை ஓட்டவும், வீட்டில் சரக்கை இறக்கிப் பணம் வாங்கி வரவும் ஒரே ஆள் வேண்டும். அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாவிக்கு முன் லைசென்ஸ்

சோதனைக்குத்தானே என்று லைசென்ஸ் பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளரின் குற்றமும்தான். ஜெராக்ஸ் காப்பி போதாது. அசல் அட்டையையோ, டிஜிலாக்கரில் இருப்பதையோ பார்த்து, காலாவதி தேதியையும் கவனியுங்கள். சரக்கு வண்டி ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். குட்டி யானைக்குச் சாதாரண கார் லைசென்ஸ் போதுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக வாகன லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

வாளித் தண்ணீர் சொல்லும் கதை

அவர் வருவதற்கு முன்பே வண்டியின் ஒரு பக்கக் கண்ணாடியை உள்பக்கமாகத் திருப்பி வையுங்கள். பின்பக்கக் கதவின் கொக்கி ஒன்றைக் கழற்றி விடுங்கள். சாவியை வாங்கியதும் நேராக ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்கிறாரா, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து டயரையும் கதவையும் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கொக்கியை அவர் கவனிக்காவிட்டால், வண்டி நகருமுன் நீங்களே மாட்டிவிடுங்கள்.

பிறகு பின்னால் ஒரு வாளியில் பாதி அளவு தண்ணீர் வைத்து, அது உருண்டு போகாதபடி கயிற்றால் கட்டி, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய் வாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புது வண்டி, பக்கத்தில் முதலாளி என்றால் யாருக்கும் கை உதறத்தான் செய்யும். திரும்பி வந்து வாளியைப் பார்த்தால், வேகத்தடையில் குலுக்கினாரா, பிரேக்கைத் திடீரென்று மிதித்தாரா என்பது தெரிந்துவிடும். முட்டை ட்ரேயும் எண்ணெய் டின்னும் ஏற்றுகிற வண்டிக்கு இது முக்கியம்.

ஏற்றுவதிலேயே பாதி தெரியும்

அடுத்து, 25 கிலோ அரிசி மூட்டை நான்கு, எண்ணெய் டின் ஒன்று, சோப்புத்தூள் பெட்டி ஒன்று, முட்டை ட்ரே ஒன்று. "முதல்ல கூடங்குளம், அடுத்து இடிந்தகரை" என்று சொல்லி, எது எந்த ஊருக்கு என்ற சீட்டையும் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். கடைசியில் இறக்க வேண்டிய இடிந்தகரைச் சரக்கு உள்ளே முதலில் போக வேண்டும். கனமானது அடியில், முட்டை மேலே, சோப்புத்தூள் அரிசியை ஒட்டாமல் தள்ளி இருக்க வேண்டும். இந்தப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றுக்குத் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தெரியாதவரிடம் சரக்கு முழுசாகப் போய்ச் சேராது.

எந்த இசக்கி?

நான்காவது சோதனைக்கு வண்டியே வேண்டாம். ஒரு சீட்டில் "இசக்கி வீடு, தண்ணி டேங்க் பக்கம்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். நெல்லைப் பக்கம் ஒரே தெருவில் மூன்று இசக்கி, நான்கு சுடலை இருப்பது சாதாரணம். "சரி அண்ணாச்சி" என்று சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைப்பவர் நாளைக்கு வேறு வீட்டில் சரக்கை இறக்கிவிட்டு வருவார். "எந்த இசக்கி அண்ணாச்சி? அவங்க போன் நம்பர் உண்டா?" என்று கேட்பவர்தான் நமக்கு வேண்டியவர். தெரியாததைக் கேட்கத் தயங்காத குணம் இந்த ஒரு சீட்டில் தெரிந்துவிடும்.

சில்லறையும் செல்போனும்

கடைசியாக, நீங்களே வாடிக்கையாளராக நில்லுங்கள். பில் 1,385 ரூபாய். 2,000 ரூபாய் கொடுத்துவிட்டு, "இந்த 48 ரூபாய் சோப்பு வேண்டாம், எடுத்துக்கோ" என்று திருப்பிக் கொடுங்கள். 663 ரூபாய் மீதி வர வேண்டும். செல்போனில் கணக்குப் போட்டாலும் தவறில்லை. சோப்பைத் திரும்ப வாங்கினாரா, பில்லில் குறித்தாரா என்றும் பாருங்கள். அடுத்த பில்லுக்கு, "ஜிபே போட்டாச்சு" என்று செல்போன் திரையை மட்டும் காட்டுங்கள். அதை நம்பிக் கிளம்புகிறாரா, கடைக்குப் போன் செய்து பணம் வந்ததா என்று கேட்கிறாரா? பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கும் காலம் இது.

மார்க்கை மட்டும் கூட்டாதீர்கள்

ஐந்து விஷயங்களையும் (சுற்றிப் பார்த்தல், ஓட்டுதல், ஏற்றுதல், விலாசம், பணம்) ஒரு தாளில் எழுதி, எதற்கு 2, எதற்கு 1, எதற்கு 0 என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆளைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றினால் சோதனைக்கு அர்த்தமில்லை. வருகிற எல்லோருக்கும் அதே சரக்கு, அதே சீட்டு, அதே சாலை.

இரண்டு பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருட அனுபவக்காரர் ஏற்றுவதில் 2, பணத்தில் 2, சுற்றிப் பார்த்ததில் 1, விலாசத்தில் 1 வாங்கினார். ஓட்டியதில் மட்டும் 0. வாளியில் தண்ணீரே மிஞ்சவில்லை. இளைஞர் சுற்றிப் பார்த்தல், ஓட்டுதல், விலாசம் மூன்றிலும் 2. ஏற்றுவதிலும் பணத்திலும் 0. இருவருக்கும் மொத்தம் 6. யாரை எடுப்பது?

இங்கே கேட்க வேண்டியது, "எதைக் கற்றுக்கொடுக்க முடியும்?" என்பதுதான். சரக்கு அடுக்குவதையும் பில் குறிப்பதையும் பக்கத்தில் நின்று ஒரு வாரத்தில் பழக்கிவிடலாம். பத்து வருடமாக முரட்டுத்தனமாக ஓட்டிப் பழகிய காலை மாற்றுவது கடினம். இந்தக் கடைக்கு இளைஞரே சரி.

ஒரு மணி நேரச் சோதனையில் தெரியாததும் உண்டு. தினமும் நேரத்துக்கு வருவாரா, கையில் ரொக்கம் இருக்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதையெல்லாம் பழைய முதலாளியிடம் ஒரு போன் செய்து கேட்கலாம். கூடவே, ஒரு வாரம் சம்பளத்தோடு வைத்துப் பார்த்து, தினமும் மாலையில் பில்லையும் பணத்தையும் ஒத்துப் பாருங்கள்.

சோதனை என்ற பெயரில் அன்றைய நிஜ டெலிவரியை முடித்துக்கொள்வது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் அது ஓசி வேலை. வேலை கிடைக்காதவருக்கும் வந்துபோன பஸ் காசும் அரை நாள் கூலியும் கொடுத்து அனுப்புங்கள். சின்ன ஊர் இது. உங்கள் கடை எப்படிப்பட்டது என்று அவரும் நாலு பேரிடம் சொல்வார்.