‘ஆனால்’ எங்கே வரும்? 250 சொற்களில் ஒரு வாதம் கட்டுவது எப்படி

மெயின்ஸ் பேப்பரை எடுத்துப் பாருங்கள். ‘விளக்குக’ என்ற கேள்வியில் பெரிய சிக்கல் இல்லை. தெரிந்ததை வரிசையாக எழுதினால் போதும். ‘ஏற்கிறீர்களா? விவாதிக்க’ என்று முடியும் கேள்வியில்தான் பலருக்கும் பேனா நிற்கும். தெரியாததால் அல்ல. தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் ‘எனவே சமநிலை அவசியம்’ என்று முடித்துவிடுகிறோம். படிப்பவருக்கு நாம் எந்தப் பக்கம் என்றே புரியாது.

இந்த வாரம் அந்தக் கேள்விக்கான திட்டத்தைத்தான் பார்க்கப் போகிறோம். கருத்து, சான்று, எதிர்வாதம், திருத்திய கருத்து என்று நான்கே படிகள். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் பொது அறிவுத் தாளில் 250 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம். கணக்குப் போட்டால் 15 மதிப்பெண் கேள்விக்கு ஏறக்குறைய 11 நிமிடம் வரும். அதில் 2 நிமிடத்தைத் திட்டத்துக்கு ஒதுக்குங்கள். மிச்சம் 9 நிமிடத்தில் 250 சொற்கள் எழுதிவிடலாம்.

வெறும் வார்ப்புருவாகச் சொன்னால் மனதில் நிற்காது. நம் வட சென்னையையே மாதிரிக் கேள்வியாக எடுத்துக்கொள்வோம்.

*‘எண்ணூர் பகுதியில் தொழில் வளர்ச்சி அளித்த நன்மைகள், அது ஏற்படுத்திய இழப்புகளை விட அதிகம்.’ இக்கூற்றை ஏற்கிறீர்களா? விவாதிக்க. (15 மதிப்பெண், 250 சொற்கள்)*

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது பாடப்புத்தகக் கேள்வி இல்லை, வீட்டு வாசல் விஷயம். அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. கோபம் பேனாவை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒவ்வொரு படியாகப் போவோம்.

முதல் படி: கருத்து

‘வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் சேர்ந்து போக வேண்டும்.’ இது கருத்தா? இல்லை. இதை மறுத்துப் பேச ஒருவரும் வர மாட்டார். மறுக்க ஆளில்லாத வாக்கியத்தை வைத்து விவாதம் நடத்த முடியாது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. நீங்கள் எழுதிய வாக்கியத்துக்கு முன்னால் ‘அப்படி இல்லை’ என்று ஒரு நியாயமான மனிதர் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது கருத்து.

கருத்தில் இரண்டு பாதிகள் வேண்டும். நிலைப்பாடு ஒன்று, ‘ஏனெனில்’ இன்னொன்று. நம் கேள்விக்கு முதலில் இப்படி எழுதிவைப்போம்.

*‘ஏற்கவில்லை, ஏனெனில் நன்மை மாநிலம் முழுவதற்கும் போனது, இழப்பு உள்ளூர் மக்கள் தலையில் விழுந்தது.’*

இதை மறுக்க ஆள் இருக்கிறார். நல்லது, அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாம் படி: சான்று

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். எண்ணூர் என்றதும் நினைவுக்கு வருவது 2017 ஜனவரி 28. அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை மக்கள் வாளியில் அள்ளிய காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டோம். உடனே அதை எழுதிவிடத் தோன்றும்.

எழுதாதீர்கள். அது உண்மைதான், பெரிய நிகழ்வுதான். ஆனால் நம் கருத்தை அது நிரூபிக்கவில்லை. அது கடலில் நடந்த கப்பல் விபத்து. ‘எண்ணெய்க் கசிவை எதிர்கொள்ள நாம் தயாராக இருந்தோமா?’ என்ற கேள்விக்கு அது முதல்தரமான சான்று. ‘உள்ளூர் தொழில் வளர்ச்சியின் நன்மையா, இழப்பா?’ என்ற கேள்விக்கு ஓரமாகத்தான் பொருந்தும். சான்று பெரியதா என்று பார்க்காதீர்கள். கருத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அந்தச் சான்றைக் கையால் மூடிவிட்டுக் கருத்தைப் படியுங்கள். கருத்து கொஞ்சமும் பலவீனமாகவில்லை என்றால் அந்தச் சான்று தேவையில்லை.

பொருந்துகிற சான்று எது? வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல். நிலக்கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்களில் கசிவு ஏற்பட்டு, சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதோடு நிறுத்தினால் அது செய்தி. சான்றாக வேண்டுமானால் ‘இதனால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வேண்டும். ‘இதனால் கழிமுகம் ஆழம் குறைந்தது, இறாலும் மீனும் பிடித்து வாழ்ந்தவர்களின் பிழைப்பிடம் சுருங்கியது, கொசஸ்தலை ஆற்று வெள்ளம் கடலுக்குப் போகும் வழியும் குறுகியது.’ இந்த வாக்கியம்தான் சாம்பலை நம் கருத்தோடு கட்டுகிறது.

இரண்டாவது சான்று 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் கறுப்பு ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பம் அருகே ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும்: ‘புயல் வந்தால் ஆலை என்ன செய்யும்?’ அம்மோனியா குழாய் விஷயத்திலும் புயலில் நகர்ந்த பாறைகள் காரணமாக இருக்கலாம் என்றே சொல்லப்பட்டது. இதை மறைத்து எழுதினால் விஷயம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். இணைப்பு வாக்கியத்திலேயே பதில் சொல்லிவிடுங்கள்: ‘இந்தக் கடற்கரைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் புதிதல்ல, புயலைத் தாங்காத குழாயும் தடுப்பும் இருந்தால், அந்த ஆபத்தைச் சுமப்பவர் பக்கத்தில் குடியிருப்பவரே.’

250 சொல் விடைக்கு இந்த இரண்டு சான்றும் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் மூன்றும் ஒவ்வொரு வரியாகச் சுருங்கிப் பட்டியலாகிவிடும்.

மூன்றாம் படி: எதிர்வாதம்

‘ஆனால் சிலர் தொழிற்சாலை வேண்டும் என்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போவது எதிர்வாதம் ஆகாது. எதிரணியில் இருப்பவர் தன் வாயால் சொல்லக்கூடிய மிக வலுவான வாதத்தை எழுத வேண்டும். எண்ணூரில் அப்படி ஒன்று இருக்கிறது.

1946-இல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. 1955-இல் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட். வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் அப்பாவோ தாத்தாவோ இந்த ஆலைகளில் ஷிஃப்ட் பார்த்தவர்கள். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள்.

அப்படியானால் ‘இழப்பு உள்ளூர் மக்களுக்கு, நன்மை வெளியாட்களுக்கு’ என்ற நம் கருத்து என்ன ஆகிறது? ஆட்டம் காண்கிறது. உள்ளூர் மக்களுக்கும் நன்மை கிடைத்திருக்கிறதே! இப்படி ஆட்டம் கண்டால் பதற வேண்டாம். எதிர்வாதம் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அதுதான். எதிர்வாதம் எழுதிய பிறகும் உங்கள் கருத்தில் ஒரு சொல்கூட மாறவில்லை என்றால், நீங்கள் வலுவான எதிர்வாதத்தை எடுக்கவில்லை என்று பொருள்.

நான்காம் படி: திருத்திய கருத்து

கருத்தைக் கைவிட வேண்டாம், கூர்மையாக்குவோம். இரண்டு பக்கச் சான்றுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. பலூன் கொட்டகையும் மோட்டார் சைக்கிள் ஆலையும் ஊருக்குள் நின்று ஊருக்கு வேலை கொடுத்தவை. சாம்பல் வந்து படிந்ததோ நீர்நிலைக்குள். ஆலை வாசலில் சம்பளம் வாங்கியவரும் கழிமுகத்தில் இறால் பிடித்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்ல. ‘உள்ளூர் மக்கள்’ என்ற ஒரே சொல்லில் இருவரையும் அடைத்ததுதான் நம் முதல் கருத்தின் ஓட்டை.

*‘கூற்றை முழுமையாக ஏற்க இயலாது, ஆலைகள் ஊருக்கு வேலை தந்தன என்பது உண்மை, ஆனால் கழிமுகத்தைக் கழிவு கொட்டும் இடமாக்கிய தொழில்களின் இழப்பு, அந்த வேலையைப் பெறாத மீனவர்கள் மேல் விழுந்தது, ஒருவரின் நன்மையால் மற்றவரின் இழப்பைக் கழிக்க முடியாது.’*

முதல் வாக்கியத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நிலைப்பாடு அதேதான். ஆனால் இதை எளிதில் உடைக்க முடியாது.

முடிவுரைக்கு ஒரு தீர்வு வேண்டுமே? வெகுதூரம் போக வேண்டாம். 1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் திருத்திய கருத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்: இழப்பு யார் மேல் விழுந்ததோ, அவருக்கு அதை ஏற்படுத்தியவர் ஈடு செய்ய வேண்டும்.

தாளின் ஓரத்தில் எழுத வேண்டியது

தேர்வறையில் பென்சிலால் எழுதும் திட்டம் இவ்வளவுதான்:

கருத்து: ஏற்கவில்லை, ஏனெனில்…
சான்று 1: சாம்பல், கழிமுகம் – இதனால்…
சான்று 2: 2023 டிசம்பர் – இதனால்…
எதிர்: எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, வேலை
திருத்தம்: வேலை பெற்றவர் வேறு, இழந்தவர் வேறு
முடிவு: வேலூர் வழக்கு, 1996

சொற்களை இப்படிப் பங்கிடலாம்: அறிமுகமும் கருத்தும் 40, இரண்டு சான்றுகள் 100, எதிர்வாதம் 50, திருத்திய கருத்து 40, முடிவு 20. விடையைத் தொடங்கும்போது திருத்திய கருத்தையே முதல் பத்தியில் சுருக்கமாக வைத்துவிடுங்கள். பழைய கருத்தை எழுதிவிட்டுப் பின்னால் மாற்றினால் தடுமாறுவதுபோல் தெரியும். திட்டம் போடும் 2 நிமிடத்தில் கருத்து மாறலாம். விடைத்தாளில் மாறக் கூடாது.

எண்கள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2017 கசிவின் அளவைப் பற்றி முதல் நாட்களில் சொன்னதும் பிறகு சொன்னதும் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட எண்ணை நினைவிலிருந்து எழுதுவதைவிட, ஆண்டையும் இடத்தையும் சரியாக எழுதுவதே பாதுகாப்பு.

இப்போது ஒரு வீட்டுப்பாடம். இதே கேள்விக்கு ‘ஏற்கிறேன்’ என்று தொடங்கி, இதே ஆறு வரித் திட்டத்தைப் போட்டுப் பாருங்கள். சாம்பலும் அம்மோனியாவும் எதிர்வாதப் பக்கம் போய்விடும். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயலும்போது உங்கள் ‘ஏற்கிறேன்’ என்ன ஆகிறது என்று கவனியுங்கள்.