“ஆணைய அங்கீகாரம்” என்னும் விளம்பரமும் 54 மாதக் கணக்கும்

வெளிநாட்டில் மருத்துவம் பயில ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ முகவரை நாடும் குடும்பத்திடம் முதலில் நீட்டப்படுவது, “தேசிய மருத்துவ ஆணையத்தால் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரி” என்று அச்சிட்ட விளம்பரத்தாள். ஆனால் அத்தகைய வெளிநாட்டுக் கல்லூரிப் பட்டியல் எதையும் ஆணையம் வெளியிடுவதில்லை. 2021 நவம்பர் 18 முதல் நடைமுறையிலுள்ள அதன் ஒழுங்குமுறைகள் நிபந்தனைகளை மட்டுமே விதிக்கின்றன. அவற்றைப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு மாணவர் தலைமீது விழுகிறது.

படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடைபெற வேண்டும். அதே நிறுவனத்தில் மேலும் 12 மாதம் உள்ளிருப்புப் பயிற்சி பெற வேண்டும். அந்நாட்டுக் குடிமகனுக்கு நிகராக அங்கே மருத்துவத் தொழில் செய்யும் உரிமத்துக்கும் பட்டம் தகுதி தர வேண்டும்.

பிலிப்பைன்ஸைப் பாருங்கள். அங்கு முதலில் பி.எஸ். எனும் முன்படிப்பு, பின்னர் நான்கு ஆண்டு எம்.டி. இரண்டையும் கூட்டி “ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்.” என்று முகவர்கள் விற்றனர். பி.எஸ். என்பது நம் மேல்நிலை உயிரியலுக்கு ஒப்பானதே, மருத்துவப் படிப்பின் பகுதியன்று என்று ஆணையம் விளக்கியது. மீதி நான்கு ஆண்டு. அதாவது 48 மாதம். ஆறு மாதக் குறைவில் பட்டமே பயனற்றுப் போகிறது. அந்தத் தேதிக்கு முன் சேர்ந்தோருக்கு மட்டுமே விலக்கு கிடைத்தது.

உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலில் (wdoms.org) கல்லூரியின் பெயர் இருப்பதையும் சான்றாகக் காட்டுவர். அப்பட்டியலில் இடம்பெறுவது அங்கீகாரம் ஆகாது என்று அத்தளமே அறிவிக்கிறது. ஆகவே பாடத்திட்டத்தை மாதவாரியாகக் கல்லூரியிடமே எழுத்தில் பெற வேண்டும். இந்தியக் குடிமகனுக்கு அங்கே உரிமம் கிடைக்குமா என்று அந்நாட்டு மருத்துவ மன்றத்துக்கே மின்னஞ்சல் எழுதிப் பதில் பெற வேண்டும். முகவரின் வாய்மொழி இவ்விரண்டுக்கும் ஈடாகாது.

தலித் குடும்பங்களுக்கு இழப்பு இரட்டிப்பாகிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டுமே. இளநிலை மருத்துவத்துக்கு இல்லை. வங்கிக் கடன் ரூ.7.5 இலட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை கேட்கப்படும். நிலமற்றவர் எங்கே போவார்? வட்டிக்காரரிடம்தான். பட்டம் செல்லாமற்போனாலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

கட்டணம் செலுத்தும்போது ரசீது யார் பெயரில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கில் செலுத்துவது ஒன்று. உள்ளூர் முகவரின் நடப்புக் கணக்கில் செலுத்துவது வேறு. பின்னதாயின், “அங்கீகாரம் உண்டு” என்ற உறுதிமொழியை அவரது கையொப்பத்துடன் வாங்கி வைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்றப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் முறையிடலாம். அங்கே பேசப்போவது அந்தத் தாள்தான்.