டிக் போட்ட பாடம்

பெங்களூரு விஜயநகரில் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களைச் சுற்றி இருக்கும் ரீடிங் ரூம்களில், பல மேசைகளுக்கு மேலே சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். மலைபோன்ற பாடத்திட்டத்தை 180 நாளாக வகுத்து, நாளுக்கு இத்தனை பக்கம் என்று கட்டம் போட்டிருப்பார்கள். கட்டமெல்லாம் நிரம்பினால் முதல்நிலைத் தேர்வு கைவசம் என்பது நம்பிக்கை. எங்கே தொடங்குவது என்ற திகைப்பை அட்டவணை தீர்க்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணுவது புரட்டிய பக்கங்களை. தேர்வு கேட்பதோ மண்டையில் மிஞ்சியதை.

ஓசூரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் தம்பி ஒருவன், "அடிப்படை உரிமைகள் முடிச்சுட்டேன் அண்ணா" என்றான். லட்சுமிகாந்த் புத்தகத்தில் அந்த அத்தியாயத்துக்கு டிக் விழுந்து பத்து நாள் ஆகியிருந்தது. புத்தகத்தை மூடச் சொல்லி, குடிமக்களுக்கு மட்டுமே உரிய பிரிவுகளை எழுதச் சொன்னேன். 15, 16, 19, 29, 30 என ஐந்து வரவேண்டும். 15, 19 வந்தன. கூடவே 25-உம் வந்தது. மத சுதந்திரம் தரும் 25 வெளிநாட்டவருக்கும் உண்டு.

ஒன்றுமே தெரியாதவன் இந்தக் கேள்வியை விட்டுவிடுவான். டிக் போட்டவன் தைரியமாக விடை குறிப்பான். ஒவ்வொரு கேள்விக்கும் 2 மதிப்பெண். தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அந்தத் தைரியத்துக்கு அவன் கட்டும் அபராதம் அது.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனை, படித்து முடிப்பதும் நினைவில் நிற்பதும் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. மற்றொன்று ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடு நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 40. அட்டவணைக்காரர் டிக் போடுவது அந்த ஐந்தாவது நிமிடத்தில்!

இன்னொரு கணக்கும் அட்டவணையில் இல்லை. படித்த பகுதியை மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் எழுதிப் பார்ப்பதாக வையுங்கள். ஒரு மாதம் போனால், தினமும் புதுப்பாடம் ஒன்றோடு பழைய பாடம் மூன்று வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் போயிற்று. முதல் நாள் கட்டமும் நூறாம் நாள் கட்டமும் ஒரே அளவில் இருந்தால், அந்த மணி நேரம் எங்கிருந்து வரும்? மறுபார்வைதான் வெட்டுப்படும், அதற்குத்தான் கட்டமே இல்லையே.

தம்பி அட்டவணையைக் கிழிக்கவில்லை. பென்சிலுக்கு மாறியிருக்கிறான். படித்த அன்று பென்சில் டிக்; ஏழாம் நாள் வெற்றுத்தாளில் எழுத வந்தால் மட்டும் பேனா. போன வாரம் பார்த்தபோது சுவரில் பென்சில்தான் அதிகம் தெரிந்தது.