இரட்டிப்பானது வருமானமா, விலைவாசியா?

 

2023 மார்ச்சில் ஒரு செய்தி ஏடுகளில் கொட்டை எழுத்தில் வந்தது. 2014-15இல் 86,647 ரூபாயாக இருந்த இந்தியனின் சராசரி ஆண்டு வருமானம், 2022-23இல் 1,72,000 ரூபாயாக உயர்ந்துவிட்டதாம். எட்டே ஆண்டுகளில் இரு மடங்கு! அதற்கு முந்தைய மாதம் தாக்கலான பட்ஜெட் உரையிலும், ஒன்பது ஆண்டுகளில் தலா வருமானம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டதாக நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறியிருந்தார்.

எண்கள் பொய்யல்ல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்டவைதான். ஆனால் உங்கள் வீட்டில் எது இரட்டிப்பானது? இந்தக் கேள்விக்கு விடை காண பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. கல்லாப் பெட்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் உங்கள் கடைக்கே வாருங்கள். 2014-15இல் ஒரு கடையில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை என்று வைத்துக் கொள்வோம். 2022-23இல் அது 58 லட்சம். முதலாளி மகிழ்கிறார்: "அல்ஹம்துலில்லாஹ், 18 லட்சம் கூடியிருக்கிறது!" உண்மையில் கூடியதா?

பழைய ரூபாயும் புதிய ரூபாயும் ஒரே ரூபாய் அல்ல. அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் இன்று 100 ரூபாய்க்கு வராது. எவ்வளவுக்கு வரும் என்று சொல்வதுதான் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். 2012ஆம் ஆண்டின் விலையை 100 என்று வைத்து அரசு கணக்கிட்ட வரிசையில், 2014-15ஆம் ஆண்டின் சராசரி 118.9. 2022-23ஆம் ஆண்டின் சராசரி 174.7. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 1.469 வரும். அதாவது, 2014-15இல் 100 ரூபாய் தந்து வாங்கிய பொருள்களுக்கு 2022-23இல் ஏறத்தாழ 147 ரூபாய் தர வேண்டும்.

இப்போது கடைக்காரரின் 40 லட்சத்தை 1.469ஆல் பெருக்குங்கள். 58 லட்சத்து 76 ஆயிரம் வருகிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே நிலையில் நிற்பதற்கே அவருக்கு இவ்வளவு விற்பனை தேவை. அவர் விற்றதோ 58 லட்சம்தான். வளர்ந்ததாக நினைத்தவர் சற்றே தேய்ந்திருக்கிறார்!

இதே தராசில் செய்தித்தாளின் எண்ணையும் நிறுத்துப் பார்ப்போம். 86,647ஐ 1.469ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,27,300. அன்றைய வருமானத்தின் வாங்கும் சக்தி, 2022-23 ரூபாயில் இவ்வளவு. அறிவிக்கப்பட்டது 1,72,000. இடையில் இருக்கும் 44,700 ரூபாய்தான் உண்மையான உயர்வு. 1,27,300க்கு அது 35 விழுக்காடு.

நூறு விழுக்காடு எங்கே, முப்பத்தைந்து எங்கே?

இது நம் கைக்கணக்கு. அரசு ஏற்காது என்று யாரேனும் சொல்லலாம். அதே புள்ளியியல் அலுவலகம், விலை உயர்வை நீக்கி 2011-12 விலையில் கணக்கிட்ட தலா வருமானத்தையும் வெளியிட்டிருந்தது. அதில் 2014-15க்கு 72,805 ரூபாய். 2022-23க்கு 98,118 ரூபாய். உயர்வு 35 விழுக்காடு! நம் கணக்கும் அவர்கள் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கின்றன. உண்மை மறைக்கப்படவில்லை, இரண்டு எண்களில் பெரியது மட்டும் தலைப்புக்குப் போனது.

35 விழுக்காடு ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்கு 3.8 விழுக்காடு வளர்ச்சி அது. ஆனால் அந்த வேகத்தில் வருமானம் மெய்யாகவே இரட்டிப்பாக ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும். எட்டு ஆண்டு என்பதற்கும் பத்தொன்பது ஆண்டு என்பதற்கும் வேறுபாடு இல்லையா?

இளைஞர்களே, இந்தக் கணக்கைப் போடும்போது இரண்டு இடங்களில் கால் இடறும். ஒன்று, கழித்தல். வருமானம் 99 விழுக்காடு கூடியது, விலை 47 விழுக்காடு கூடியது, ஆகவே மிச்சம் 52 என்று சிலர் கழிக்கிறார்கள். தவறு. புதிய வருமானம் முழுவதற்கும் புதிய விலையைத்தானே கொடுக்கிறோம்? ஆகவே வகுக்க வேண்டும். 1.985ஐ 1.469ஆல் வகுத்தால் 1.35.

மற்றொன்று, வரிசை மாற்றம். தொழிலாளர் பஞ்சப்படிக்கு உதவும் தனிக் குறியீட்டெண் ஒன்று இருக்கிறது. அது 2014-15இல் 250ஐ ஒட்டி இருந்தது. 2022-23இல் 130ஐ ஒட்டி இருந்தது. விலை பாதியாகிவிட்டதா? இல்லை! முன்னது 2001ஐ 100ஆகக் கொண்டது. 2020இல் வந்த பின்னது 2016ஐ 100ஆகக் கொண்டது. புதிய எண்ணை 2.88ஆல் பெருக்கிய பிறகே பழையதோடு ஒப்பிட வேண்டும். குறியீட்டெண்ணை எடுக்கும் முன் அது எந்த ஆண்டை அடிப்படையாகக் கொண்டது என்று பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த 35 விழுக்காடும் சராசரிதான். பத்துப் பேர் உள்ள தெருவில் ஒருவர் வருமானம் பல மடங்கானால், மற்ற ஒன்பது பேர் அப்படியே இருந்தாலும் தெருவின் சராசரி ஏறும். விலைக் குறியீடும் நாட்டுக்கே பொதுவானது. 2012ஐ 100ஆகக் கொண்ட அந்த வரிசையில் உணவு, பானங்களின் பங்கு சுமார் 46 விழுக்காடாக இருந்தது. வருமானத்தில் பெரும் பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் ஏழை வீட்டில், உணவு விலை ஏறும் ஆண்டுகளில் சுமை இதைவிடக் கூடும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் பிள்ளைகளின் கல்வியைப் பாருங்கள். சிறுபான்மை மாணவர்களுக்கான பிரீ-மெட்ரிக் கல்வி உதவித்தொகை 2008இல் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. 2022-23இலும் அதே ஒரு லட்சம்தான். நம் 1.469ஐ இங்கேயும் வைத்துப் பாருங்கள். 2014-15இன் ஒரு லட்சத்துக்கு ஈடாக 2022-23இல் உச்சவரம்பு 1,46,900 ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பழைய ரூபாயில் பார்த்தால், வரம்பு சத்தமில்லாமல் 68,000க்கு இறங்கிவிட்டது.

கூலி 90 ஆயிரத்திலிருந்து 1,20,000 ஆன ஒரு தகப்பன், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் முன்னைவிட ஏழை. ஆனால் விதியின் கண்ணில் அவர் வசதி பெற்றுவிட்டார். பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை! எந்த அரசாணையும் அவரை நீக்கவில்லை. மாறாத ஓர் எண்ணே நீக்கிவிட்டது.

ஆகவே, அடுத்த முறை "இரு மடங்கு", "வரலாறு காணாத ஒதுக்கீடு" என்று எவர் மேடையில் முழங்கினாலும், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த ஆண்டு விலையில்? கோரிக்கை மனு எழுதும் நம்மவர்களும் தொகையை மட்டும் கேட்காதீர்கள். உச்சவரம்பு ஆண்டுதோறும் விலைக் குறியீட்டெண்ணோடு சேர்ந்து உயர வேண்டும் என்று கேளுங்கள். இல்லையேல் இன்று போராடிப் பெறுவதைப் பத்தாண்டுகளில் விலைவாசி தின்று தீர்த்துவிடும்.