கிரயப் பத்திரம் இல்லாத மனைக்காரர்களுக்கு

சங்கராபுரத்து உறவுகளுக்கு, சிங்கப்பூரிலிருந்து வணக்கம்.

இந்த முறை ஊருக்கு வந்து திரும்பியதிலிருந்து ஒரே விஷயம்தான் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. மனை போடுகிறவர்களும் பெருகினார்கள். பெருகட்டும். என் ஆத்திரம், விலையில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணிக் கொடுத்துவிட்டு, வெறும் கிரய ஒப்பந்தத்தை பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, சொந்த இடம் ஆகிவிட்டது என்று போர் போடுகிறவர்கள் மேல். கட்சிக்கும் கோயிலுக்கும் ஒன்று சேராத ஊர் இந்தத் தவறில் மட்டும் ஒற்றுமையாக நிற்கிறது. ஊரை விட்டுப் போனவனுக்கு இதைச் சொல்ல என்ன பாத்தியதை என்று கேட்பீர்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த முன்பணத்தில் எங்களைப் போன்றவர்கள் வெளியிலிருந்து அனுப்புகிற பணமும் இருக்கிறது; ஊரில் இருப்பவருக்கு எட்டாத உயரத்துக்கு மனை விலையை ஏற்றிவிட்டதிலும் எங்களுக்குப் பங்கு உண்டு. அந்தக் கடனுக்காகவாவது எழுத வேண்டியிருக்கிறது.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 54, இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நிலம் கைமாற வேண்டுமானால் பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். கிரய ஒப்பந்தம் அந்த நிலத்தில் தன்னளவில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஒப்பந்தக்காரருக்குக் கிடைப்பது, ‘சொன்னபடி எனக்குக் கிரயம் எழுதிக் கொடு’ என்று விற்பவரைக் கேட்கும் உரிமை. அதோடு, கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மேல் ஒரு பொறுப்பு. ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். 1,200 சதுர அடி மனை, விலை 6 லட்சம். 5 லட்சம் கொடுத்தாயிற்று. 11 மாதத்தில் மீதி 1 லட்சத்தைக் கொடுத்துக் கிரயம் பெறுவதாகப் பத்திரத்தாளில் எழுதி, பதியாமல் வைத்தாயிற்று. எட்டாவது மாதம் விற்பவர் அதே மனையை இன்னொருவருக்குக் கிரயம் செய்து பதிந்துவிடுகிறார். அன்று முதல் உரிமையாளர் அந்த இரண்டாமவர். உங்கள் ஒப்பந்தத்தை அறியாமல், நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து வாங்கினேன் என்று அவர் நிரூபித்துவிட்டால், 5 லட்சம் கொடுத்த உங்களுக்கு அந்த மனை கிடைக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்டு விற்பவர் பின்னால் நடக்க வேண்டியதுதான்.

‘இடம் என் கையில் இருக்கிறதே, வேலியே போட்டுவிட்டேன்’ என்பார்கள். எழுத்துமூல ஒப்பந்தப்படி அனுபவத்தில் இருப்பவரை விற்றவர் வெளியேற்றாமல் காக்கும் பிரிவு 53-ஏ இருப்பது உண்மை. ஆனால் 2001 செப்டம்பரிலிருந்து அந்தப் பாதுகாப்பு பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே. அதுவும் தடுத்து நிற்க உதவுமே தவிர, நான்தான் உரிமையாளர் என்று வழக்குப் போட உதவாது. அடுத்து, ‘பவரும் சேர்த்து வாங்கிவிட்டேன்’ என்பவர்கள். ஒப்பந்தம், பவர், உயில் மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் நிலத்தின் உரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நம் பக்கத்தில் இந்த மூன்று காகிதமும் ஒரே உறையில் போகின்றன.

ஒப்பந்தத்தைப் பதிந்துவிட்டால்? நல்லது, மிக நல்லது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதைப் பதிவது கட்டாயமும்கூட. பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். பின்னால் வாங்குகிறவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. பதியாத ஒப்பந்தம் முழுக்கச் செத்ததல்ல என்பதும் உண்மை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், கிரயம் எழுதித் தரக் கேட்கும் வழக்குக்கு மட்டும் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைக் கேள்விப்பட்டு ‘அப்போ பதியாவிட்டாலும் செல்லும்’ என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. வழக்குப் போட வழி இருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அந்த வழக்கையும், கிரயத்துக்குக் குறித்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். 6 லட்சத்துக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 18,000 ரூபாய் கட்ட வேண்டும். மீதி 1 லட்சத்தோடு நான் எப்போதும் தயாராக இருந்தேன் என்று காட்ட வேண்டும். கெடு முடிந்த பிறகு ‘பார்த்துக்கலாம் தம்பி’ என்று வாய்வார்த்தையில் காலம் கடத்தியவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். வென்றாலும், நீதிமன்றத்தின் வழியாகக் கிரயம் எழுதிப் பதிந்த பிறகே மனை உங்களுடையது.

பத்திரச் செலவுக்குப் பணம் இல்லை என்ற பதிலை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 6 லட்சத்துக்கு 54,000 என்பது கூலிக்குப் போகும் வீட்டில் சின்னத் தொகை இல்லை. பெண் பெயரில் பதிந்தால், 10 லட்சம் வரையான சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, 6,000 மிச்சம். ஆனால் 54,000-க்கு வழியில்லாத ஒருவர் 5 லட்சத்தை மட்டும் எப்படி முன்னால் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பல இடங்களில் உண்மையான காரணம் வேறு. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில், முன்பே மனையாகப் பதிவாகாத இடத்தை, 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, பதிவுச் சட்டத்தின் பிரிவு 22-ஏ காரணமாகப் பதிய முடியாது. ‘அப்ரூவல் வந்ததும் கிரயம், இப்போதைக்கு அக்ரிமெண்ட்’ என்று விற்பவர் சொன்னால், இன்றைக்கு அவரால் விற்க முடியாத பொருளுக்கு இன்றே விலை கேட்கிறார் என்று அர்த்தம்.

இங்கே சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவர் முதலில் கொடுப்பது அதிகபட்சம் 1,000 வெள்ளி. 21 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்போதும் மொத்த முன்பணம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வீட்டின் விலையோ பல லட்சம். பெருமையடிக்கிறான் என்பீர்கள்; ஆமாம், கொஞ்சம் பெருமைதான். ஒப்பந்தக் காலம் இருப்பது வாங்குகிறவர் விசாரிப்பதற்கு. மூலப் பத்திரம் யார் பெயரில், பட்டாவில் இன்னும் எத்தனை பங்காளிகள், வில்லங்கச் சான்றில் என்ன அடமானம் என்று பார்க்கிற காலம் அது. விற்பவருக்கு இல்லாத உரிமையைக் கிரயப் பத்திரமும் தராது என்பதால் இந்த விசாரணையைத் தவிர்க்கவே முடியாது. கல்வராயன் மலைப் பக்கம் போகிறவர்கள் நிபந்தனைப் பட்டாவா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணம் போதும். மீதியைச் சார்பதிவாளர் அலுவலகத்தில், கிரயம் பதிகிற நாளில் கொடுங்கள்.

கடைசியாக, என்னைப் போல் வெளியில் இருப்பவர்களுக்கு. ‘லீவில் வரும்போது கிரயம் பண்ணிக்கலாம், அதுவரை அக்ரிமெண்ட் இருக்கட்டும்’ என்று முழுத்தொகையையும் அனுப்பாதீர்கள். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு உறுதிசெய்த பவரை அண்ணனுக்கோ மனைவிக்கோ அனுப்புங்கள். ஊர் வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட்டால், உங்கள் பெயரில் அவர்களே கிரயம் பெற்றுக்கொள்ளலாம். பணமும் பத்திரமும் ஒரே நாளில் கை மாறட்டும்.