வின்ஸ்டன் ஏன் மண்டியிட்டான்?

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல் 1949 ஜூனில் வெளிவந்தது. அதன் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் கடைசிப் பக்கத்தில் சாவதில்லை. மனக்கண்ணில் தோன்றும் சிறைத் தாழ்வாரத்தையும் பின்னந்தலையில் பாயும் குண்டையும் வைத்து, அவன் கொல்லப்பட்டான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அவன் செஸ்ட்நட் ட்ரீ கஃபேயில் மலிவான ஜின்னோடு உட்கார்ந்து, தொலைத்திரையில் ஆப்பிரிக்கப் போர்முனைச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெற்றிச் செய்தி வந்ததும், ஓஷியானியாவை ஆளும் கட்சியின் தலைவனான பெரியண்ணன் மீது அவனுக்கு அன்பு பொங்குகிறது. கதை அங்கே முடிகிறது.

இந்த முடிவு நாவலின் நடுவிலேயே தொடங்கிவிடுகிறது. சாரிங்டனின் பழம்பொருள் கடை மாடியில் வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் பிடிபட்டால் என்ன ஆகும் என்று பேசிக்கொள்கிறார்கள். வாக்குமூலம் கொடுப்பது துரோகமாகாது, ஒருவர் மீது ஒருவருக்குள்ள அன்பை இழப்பதே துரோகம் என்கிறான் வின்ஸ்டன். அந்த அன்பை இழக்கச் செய்யக் கட்சியால் முடியாது, மனத்துக்குள் எவராலும் நுழைய முடியாது என்று இருவரும் நம்புகிறார்கள். மூன்றாம் பாகம் முழுவதும் இந்த நம்பிக்கைக்கு வைக்கப்படும் சோதனைதான்.

சோதனையை நடத்துபவன் கட்சி அதிகாரி ஓபிரையன். அவன் வின்ஸ்டனை ஒரே அடியில் வீழ்த்துவதில்லை. முதலில் உடல் உடைகிறது. பிறகு அறிவு பணிகிறது: கட்சி சொன்னால் இரண்டும் இரண்டும் ஐந்து என்று ஏற்கும் நிலைக்கு வின்ஸ்டன் வந்துவிடுகிறான். ஆனாலும் ஒருமுறை அரைத்தூக்கத்தில் ஜூலியாவின் பெயரைச் சொல்லிக் கதறுகிறான். அறிவு சரணடைந்தாலும் நெஞ்சு சரணடையவில்லை என்பது அவனுக்கே அப்போதுதான் தெரிகிறது. உடனே ஒரு திட்டம் போடுகிறான். வெறுப்பை உள்ளே ஒளித்து வைக்க வேண்டும், சுடப்படும் கணத்தில் கட்சியை வெறுத்தபடியே சாக வேண்டும். அவனுக்கு மிஞ்சியிருந்த விடுதலை அவ்வளவுதான்.

அதையும் பறிக்கவே 101-ஆம் எண் அறை. அங்கே அவன் எதையும்விட அதிகமாக அஞ்சும் எலிகள் கூண்டில் காத்திருக்கின்றன. கூண்டு முகத்தை நெருங்கியதும், இந்தத் தண்டனையை ஜூலியாவுக்குக் கொடுங்கள் என்று அலறுகிறான். வலி தாங்காமல் சொன்ன பொய்யாக இருந்தால் அவன் மீண்டிருப்பான். அந்தக் கணத்தில் அவன் அதை மனதார விரும்பினான் என்பதுதான் கொடுமை. பின்னர் பூங்காவில் சந்திக்கும்போது ஜூலியாவும் இதையே சொல்கிறாள். அவளையும் அப்படித்தான் உடைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபடாமல் கட்சி அவனைச் சுட்டுத் தள்ளியிருக்கலாமே என்ற கேள்விக்கு ஓபிரையனே விடை தருகிறான். பழைய மத விசாரணை மன்றங்கள் மனம் மாறாதவர்களை எரித்துத் தியாகிகளை உருவாக்கின. ஓஷியானியா அந்தத் தவற்றைச் செய்யாது. முதலில் மாற்றும், கொல்வது பிறகு. நாயகன் வீரமரணம் அடைந்திருந்தால் கட்சி தோற்றிருக்கும். வாசகரும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார். ஆர்வெல் அந்த நிம்மதியைத் தர மறுத்தது கலைஞராக அவர் எடுத்த மிகத் துணிச்சலான முடிவு.

நோயின் மனச்சோர்வே இந்த இருட்டுக்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ஆர்வெல் கடும் காசநோயோடு ஜூரா தீவில் நாவலை முடித்தார், 1950 ஜனவரியில் இறந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் முடிவின் கருத்து நோய் உறுதியாவதற்கு முன்பே அவரிடம் இருந்தது. 1944 ஏப்ரலில் ‘ட்ரிப்யூன்’ இதழின் தம் பத்தியில், சர்வாதிகாரத்தின் கீழும் ஒருவன் உள்ளுக்குள் சுதந்திரமாக இருக்கலாம் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். மனிதன் தனியே இயங்கும் பிராணி அல்ல. பேசவும் விவாதிக்கவும் வழியில்லாதபோது சிந்தனையே வாடிவிடும் என்பது அவர் வாதம். அந்த வாதம் நாவலில் வின்ஸ்டன் என்ற மனிதனாக வருகிறது. நினைவைச் சரிபார்க்க அவனுக்கு ஒரு பழைய செய்தித்தாள்கூட இல்லை. கஃபேயில், தாயோடு பாம்பும் ஏணியும் ஆடிய மகிழ்ச்சியான மாலை நினைவுக்கு வருகிறது; அதைப் பொய் நினைவென்று தானே தள்ளிவிடுகிறான். வெற்றிச் செய்தியைவிட இந்தச் சின்ன இடம்தான் அவன் முழுத் தோல்வியைக் காட்டுகிறது.

ஆகவே எதிர்ப்பு வீண் என்பது ஆசிரியரின் முடிவு அல்ல. எதிர்ப்பை உள்ளத்துக்குள் பூட்டி வைத்துக் காக்க முடியாது. பத்திரிகை, நீதிமன்றம், வெளிப்படையான பேச்சு ஆகியவை இருக்கும்போதே அவற்றைக் காக்க வேண்டும் என்பதே அவர் எச்சரிக்கை. 1949 ஜூனில் அமெரிக்கத் தொழிற்சங்க நிர்வாகி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் வருணித்த சமூகம் வந்தே தீரும் என்று நம்பவில்லை, அதைப் போன்ற ஒன்று வரக்கூடும் என்றே நம்புவதாக ஆர்வெல் தெளிவுபடுத்தினார்.

நாவலின் பின்னிணைப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியை விளக்கும் அந்தப் பகுதி, வழக்கமான ஆங்கிலத்தில், இறந்தகாலத்தில் எழுதப்பட்டது. கட்சியின் ஆட்சி எப்போதோ முடிந்துவிட்டது என்பதற்கான குறிப்பாகச் சில விமர்சகர்கள் இதைக் கொள்கிறார்கள். அது முடிந்த முடிபல்ல, ஆனால் தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்கப் புத்தக மன்றம் ஒன்று பின்னிணைப்பை வெட்டச் சொன்னபோது, பெரும் வருமானம் போகும் என்று தெரிந்தும் ஆர்வெல் மறுத்துவிட்டார். மன்றம் கடைசியில் நாவலை முழுதாகவே ஏற்றுக்கொண்டது.