பச்சை அலமாரியில் ஒரு டிராவலர்

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில், ஆலோசனை நிறுவனத்தார் வந்து ஸ்டோர்ஸை ஒழுங்குபடுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அலமாரிகளுக்குப் புது பெயின்ட். ஏ வகுப்புக்குச் சிவப்பு, பி வகுப்புக்கு மஞ்சள், சி வகுப்புக்குப் பச்சை. பச்சை என்றால் கவலைப்பட வேண்டாம் என்று அர்த்தமாம். கவலைப்படாமல் பார்த்தேன். 40ஆம் நம்பர் நூலுக்குப் போடும் 6/0 டிராவலர் இருக்க வேண்டிய தட்டில் ஒரு பெட்டிகூட இல்லை. “சி ஐட்டம் சார், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்னு சொல்லியிருக்காங்க” என்றார் ஸ்டோர் கீப்பர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயின்ட்டுக்குக் காசு கொடுத்தவர்கள்மேல்தான்.

இந்த வித்தை எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சாமானின் வருடச் செலவளவை அதன் விலையால் பெருக்க வேண்டும். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலிருந்து கூட்டிக்கொண்டே வர வேண்டும். மொத்தத்தில் எழுபது, எண்பது சதவீதம் வரும் இடத்தில் ஒரு கோடு போட்டால் ஏ. தொண்ணூறு, தொண்ணூற்றைந்தில் இன்னொரு கோடு போட்டால் பி. மிச்சமெல்லாம் சி. எழுபதா எண்பதா என்று கேட்டால், “உங்க வசதி சார்” என்பார்கள். விஞ்ஞானம்!

டிராவலர் என்பது நகக்கண் அளவு எஃகுக் கொக்கி. கதிரைச் சுற்றியுள்ள வளையத்தின் மேல், நூலை இழுத்துக்கொண்டு நொடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் ஓடும். முறுக்கு ஏறுவதும் நூல் பாபினில் சுற்றுவதும் அதனால்தான். ஓடி ஓடித் தேயும், சூடேறிக் கருகும். அதனால் குறித்த நாளில் ஃபிரேம் முழுக்க ஒரே சமயத்தில் மாற்றிவிடுவார்கள். எந்த நூலுக்கு எந்த எடை டிராவலர் என்பதிலும் விளையாட முடியாது. கனம் கூடினால் இழுவிசை ஏறி நூல் அறும். கனம் குறைந்தால் நூல் பலூன் மாதிரி உப்பி நடுத்தட்டில் உரசும், பிசிறு கூடும். 6/0 இல்லையா, 8/0 போடு என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வது போலத்தான்.

கணக்குப் பார்ப்போம். ஆறு ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 1,200 கதிர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை மாற்ற 7,200 டிராவலர். இருபது நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பதினெட்டு முறை, ஏறக்குறைய 130 பெட்டி. ஆயிரம் அடங்கிய பெட்டி 300 ரூபாய் என்றால் வருடத்துக்கு 39,000 ரூபாய். ஸ்டோர்ஸின் வருடச் செலவு இரண்டு கோடி என்றால் இது அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே பச்சை.

மறுபக்கம், கதிர் ஒன்றுக்கு ஷிப்டுக்கு 120 கிராம் நூல் என்றால் அந்த ஆறு ஃபிரேமும் நாளுக்குச் சுமார் 2,600 கிலோ கொடுக்கும். தேய்ந்த டிராவலரோடு ஓட்டி உற்பத்தி ஐந்து சதவீதம் குறைந்தால் 130 கிலோ போச்சு. கிலோவுக்குப் பஞ்சு விலை போக எண்பது ரூபாய் நிற்கும் என்றால் நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் நஷ்டம். இதைத் தடுக்க, கூடுதலாக ஒரு மாற்றுக்கு வேண்டிய எட்டுப் பெட்டி, அதாவது 2,400 ரூபாய்ச் சரக்கு, அலமாரியில் கிடந்தால் போதும். பதினைந்து சதவீத வட்டி போட்டாலும் வருடத்துக்கு 360 ரூபாய். முந்நூற்று அறுபது ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் அந்தப் பெயின்ட், அந்த அறிக்கை, அந்த மதிய விருந்து.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், டிராவலர் தீர்ந்தால் மில் நிற்காது. நின்றால் முதலாளி ஓடி வந்து கேட்டிருப்பார். பழைய டிராவலரையே இன்னும் பத்து நாள் ஓட்டுவார்கள், அல்லது பக்கத்து நம்பரைப் போடுவார்கள். நூல் அறும், ஒட்டி ஒட்டிப் பெண்களுக்குக் கை ஓயும், பஞ்சுத்தூசி பறக்கும், அடுத்த மாதம் நெசவுக்காரர் பிசிறு நூல் என்று திருப்பி அனுப்புவார். அந்தப் பழியெல்லாம் ஸ்பின்னிங் மாஸ்டர் தலையில். ஸ்டோர்ஸ் கணக்கில் இருப்பு குறைந்திருக்கும், பாராட்டுக் கடிதம் வரும். சி வகுப்பின் செலவு சி வகுப்பின் வரியில் ஒருநாளும் எழுதப்படுவதில்லை. அதனால்தான் பச்சை என்றால் கவலை வேண்டாம் என்ற நம்பிக்கை இத்தனை வருடம் செத்துப்போகாமல் இருக்கிறது.

இன்னொன்று. அந்த ஆலையில் டிராவலருக்கு நம்பர் வாரியாக, வடிவம் வாரியாக இருபது குறியீடு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சி. இருபதையும் ஒரே வரியில் கூட்டினால் எட்டு லட்சத்தைத் தொட்டு நேராகச் சிவப்பு அலமாரிக்குப் போய்விடும். அதே கொக்கி, அதே வளையம், அதே மில். குறியீடு போட்ட குமாஸ்தாவின் பழக்கம்தான் வகுப்பைத் தீர்மானிக்கிறது. இதற்குப் பெயர் பகுப்பாய்வாம்!

இதைச் சொன்னால் உடனே பரேட்டோவை இழுப்பார்கள். பாவம், அவர் வருமானம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்று 1890களில் எழுதிவிட்டுப் போன இத்தாலியர். அந்த எழுத்தில் ஸ்டோர்ஸ் பேச்சே இல்லை. அவர் பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்ட ஜுரானே, 1975இல் அது தன் தவறு என்று எழுதி ஒப்புக்கொண்டார். 1951இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் இந்த ஏ-பி-சி முறையை எழுதிவைத்தவர் ஹெச். ஃபோர்ட் டிக்கி. அந்த முறையில் அறிவு இருந்தது. அற்பச் சாமானுக்கு மண்டையை உடைக்காதே, தாராளமாக வாங்கிப் போட்டுவிட்டு விலையுயர்ந்ததைக் கவனி என்பதுதான் பொருள். நம்மவர்கள் “தாராளமாக வாங்கிப் போடு” என்பதை விட்டுவிட்டு “கவனிக்காதே” என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டார்கள். டிராவலரைத் தாராளமாக வாங்கியிருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்?

மனப்பாடம் என்றதும் வணிகவியல் வகுப்புகள் ஞாபகம் வருகின்றன. மூன்று வரிகளில் வகை பிரி, ஐந்து மதிப்பெண். எந்தச் சாமான் தீர்ந்தால் யார் கையைப் பிசைவார்கள் என்று ஒரு கேள்வி வந்து நான் பார்த்ததில்லை. அந்த மாணவன்தான் ஆடிட்டராக வந்து, ஏ வகுப்பை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறான். எண்ணாத அலமாரியில் என்ன திருடு போனாலும் அது “கழிவு”.

ஆஸ்பத்திரிக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள். மருந்தின் விலையோடு, உயிருக்கு அவசியமா என்பதையும் தனியாக மதிப்பிட்டு இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அட்ரினலின் ஊசி மலிவு என்று அதை அடியில் தள்ளினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். மில்லில் சாகிறது நூல்தானே, அதனால் தெரியவில்லை.

வருடம் முழுக்க ஒன்றுகூடச் செலவாகாத மாற்று மோட்டார் இந்தப் பட்டியலில் எங்கே விழும் என்று அந்த ஆலோசகரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பூஜ்ஜியத்தை எத்தனை லட்சத்தால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அதற்கும் பச்சைப் பெயின்ட் வாங்கி வைத்திருப்பார்.

கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். இது தீர்ந்தால் எந்த மெஷின், எவ்வளவு நேரம், எப்படிக் கெடும்? ஆர்டர் போட்டால் எத்தனை நாளில் வரும்? 6/0 டிராவலருக்கு டீலரிடமே சரக்கில்லை, கம்பெனியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அதுவரை 40ஆம் நம்பர் ஃபிரேம்கள் 8/0 போட்டு ஓடுகின்றன. இந்த வாரம் அறுபட்ட நூலைக் கணக்கெடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அது ஸ்டோர்ஸ் வேலை இல்லையாம்.